‘பெரிய அக்கா’ எந்த வரியில்?

அத்தை போனில் பேசியதை 52 நிமிடத்துக்குப் பதிவு செய்து வைத்திருந்தேன். அப்பாவுடைய அக்கா அவர். எங்கள் குடும்பத்தில் பழைய ஆட்களைப் பற்றிக் கேட்க இப்போது அவர் ஒருவர்தான் இருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தபோது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் யார் யாருக்குப் பிறந்தவர் என்பதில் பாதிக்கு மேல் என் ஊகம் என்று புரிந்தது.

குடும்ப மரத்தைப் படமாக வரைய வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். கட்டம் போட்டு வரைந்தால் மூன்றாம் தலைமுறையிலேயே தாள் பக்கவாட்டில் போதாமல் போகும். நடுவில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் முழுதும் மறுபடி வரைய வேண்டும். வெறும் எழுத்துக் கோப்பில் வரிக்கு ஓர் ஆள், தலைமுறைக்கு ஒரு படி உள்ளே தள்ளி எழுதினால் பட்டியல் கீழ்நோக்கி வளரும். இடையில் ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலையில்லை. இங்கே பெயர்களுக்குப் பதில் அ, ஆ, இ என்று எழுத்துகளைப் போட்டிருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள்.

முதலில் பதிவைக் கேட்டுக் கேட்டு, உறவு சொல்லும் வாக்கியங்களை மட்டும் அவர் சொன்னபடியே எழுதினேன். திருத்தவில்லை. பக்கத்தில் எத்தனையாவது நிமிடம் என்று குறித்தேன். இந்த நிமிடக் குறிப்பு பிறகு மிகவும் உதவியது. அதில் ஒரு பகுதி இப்படி இருந்தது:

“எங்க தாத்தாவுக்கு ரெண்டு தாரம். மூத்தவளுக்கு ஒரே பிள்ளை, எங்க பெரியப்பா. அவ போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எங்க பாட்டியைக் கட்டினார். எங்க அப்பா, அத்தை, சித்தப்பான்னு மூணு பேர். அப்பாவுக்கு மூணு வயசு இளையவ அத்தை. அப்பா கல்யாணத்தப்போ சித்தப்பாவுக்குப் பதினாலு வயசு. நான் பிறந்த வருஷம்தான் பெரிய அக்காவுக்கு மகன் பிறந்தான், அப்போ அவளுக்குப் பதினெட்டு. மாமா போனப்போ எனக்குப் பதினஞ்சு.”

இதில் ‘எங்க’, ‘உங்க’ என்று முன்னால் போட்டுச் சொன்ன உறவுகளில் சிக்கல் இல்லை. ‘எங்க தாத்தா’ என்றால் அத்தையின் தாத்தா, எனக்குக் கொள்ளுத்தாத்தா. வேறோர் இடத்தில் ‘உங்க தாத்தா’ என்கிறார். அது அத்தையின் அப்பா. ஆனால் பேச்சு வேகத்தில் வெறுமனே ‘தாத்தா’ என்று வரும்போது அது எந்தத் தாத்தா? என்னிடம் பேசுகிறார் என்பதால் சில சமயம் என் இடத்தில் நின்று சொல்கிறார், சில சமயம் தன் இடத்தில் நின்று. ஒரே வாக்கியத்துக்குள்ளேயே மாறுகிறது. அதனால் முன்னொட்டு இல்லாத உறவுச் சொல் ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டமிட்டேன். மொத்தம் 23 வட்டங்கள் விழுந்தன. மேலே உள்ள பகுதியில் ‘அப்பா’, ‘அத்தை’, ‘சித்தப்பா’ மூன்றும் ‘எங்க’ தொடர்ச்சி என்பதால் தப்பித்தன. ‘பெரிய அக்கா’வும் ‘மாமா’வும் வட்டத்துக்குள்.

அடுத்து, எல்லா உறவையும் நான்கே இணைப்புகளாக உடைத்தேன்: தந்தை, தாய், பிள்ளை, துணை. பட்டியலுக்கு இந்த நான்கைத் தவிர வேறெதுவும் தேவைப்படாது. நாத்தனார் என்றால் துணை, அவருடைய பெற்றோர், அவர்களுடைய மகள். ஓரகத்தி என்றால் இன்னும் ஒரு படி: துணை, பெற்றோர், மகன், அந்த மகனின் துணை. இப்படிப் படிகளாக எழுதினால், வழியில் யாரைப் பற்றி நாம் கேட்கவே இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

நான்கு இணைப்புகளாக உடைக்கும்போதுதான் நம் உறவுச் சொற்களின் குணம் புரிந்தது. தலைமுறையைச் சொல்வதில் அவை கெட்டி. பெரியப்பா, சித்தப்பா, அத்தை யாராக இருந்தாலும் பேசுபவருக்கு ஒரு தலைமுறை மேலே. அண்ணன், அக்கா, மச்சான் என்றால் அதே தலைமுறை. பட்டியலில் எத்தனை படி உள்ளே தள்ள வேண்டும் என்பதற்கு இது போதும். ஆனால் எந்த வழியாக உறவு என்பதைச் சொல்வதில் அவை நழுவும். சித்தப்பா என்பவர் அப்பாவின் தம்பியாக இருக்கலாம், சித்தியின் கணவராக இருக்கலாம், அப்பாவின் சித்தப்பா மகனாகவும் இருக்கலாம். அக்கா என்பவள் கூடப் பிறந்தவளாக இருக்கலாம், பெரியப்பா மகளாக இருக்கலாம், பெரியம்மா மகளாகவும் இருக்கலாம். படி சரியாக விழும், ஆனால் யாருக்குக் கீழே என்பது தவறும்.

நான் அங்கேதான் தவறினேன். ‘பெரிய அக்கா’வை அத்தையின் கூடப் பிறந்தவராகவே எழுதிவிட்டேன். அப்பாவும் அத்தையும் மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன், இன்னொரு பெரிய அத்தை இருந்திருக்கிறார் போலிருக்கிறது, சின்ன வயதிலேயே கல்யாணமாகிப் போயிருப்பார் என்று கதையே கட்டிக்கொண்டேன். படி சரியாக இருந்ததால் சந்தேகம் வரவில்லை. தேதிகளைப் போட ஆரம்பித்த பிறகுதான் மாட்டினேன்.

தேதிக்கு அப்போது என்னிடம் உறுதியாக இருந்தவை மூன்று. அத்தையின் பிறந்த நாள் 14-3-1944. தாத்தாவின் இறப்புச் சான்றிதழ்: 11-2-1989, வயது 72. தாத்தா பாட்டி கல்யாணப் புகைப்படத்தின் பின்னால் மையில் எழுதிய 1941. மற்றவை எல்லாம் ‘அப்போ எனக்கு இத்தனை வயசு’ வகை.

வயதை ஆண்டாக மாற்றுவது எளிது என்று நினைத்தேன். அவ்வளவு எளிதில்லை. சான்றிதழில் 72 என்பது முடிந்த வயதானால், தாத்தா பிறந்தது 12-2-1916-க்கும் 11-2-1917-க்கும் இடையில். ஆனால் வீட்டில் யாராவது ‘எழுபத்திரண்டு நடக்குது’ என்று சொல்லி, எழுதியவர் 72 என்றே போட்டிருந்தால், முடிந்தது 71தான். அப்போது எல்லை ஓராண்டு தள்ளி, 12-2-1917 முதல் 11-2-1918 வரை போகும். எது என்று கேட்டு அறிய ஆள் இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்து ‘1916–1918’ என்றே எழுதினேன். 1989-இலிருந்து 72-ஐக் கழித்து 1917 என்று போடுவது கைக்கு எளிது. ஆனால் அப்படி ஒரு முறை போட்டுவிட்டால், அடுத்த தலைமுறையில் யாரோ அதை ஆவணத்தில் இருந்த ஆண்டு என்று நம்பிவிடுவார்கள்.

எனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்துக்கொண்டேன். முழுத் தேதி இருந்தால் அது ஆவணத்தில் பார்த்தது. ஆண்டுக்கு முன்னால் ‘சு.’ இருந்தால் சுமார், யாரோ சொன்ன வயதிலிருந்து கணக்குப் போட்டது. இரண்டு ஆண்டுக்கு நடுவில் கோடு இருந்தால் அந்த எல்லைக்குள். ‘-க்கு முன்’ என்றால் அதற்கு மேல் தள்ள முடியாது. குடும்ப மர மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் GEDCOM கோப்பிலும் இதே நான்கு வகை இருக்கிறது என்பதால் பிறகு மாற்றுவதும் சுலபம்:

```
2 DATE 14 MAR 1944
2 DATE ABT 1927
2 DATE BET 12 FEB 1916 AND 11 FEB 1918
2 DATE BEF 1908
```

சரி, பெரிய அக்காவுக்கு வருவோம். அத்தை பிறந்த 1944-இல் அவருக்கு 18. அப்படியானால் பிறந்தது சு. 1926. அந்த வரியை எழுதிவிட்டு, மேலே தந்தையின் வரியைப் பார்த்தேன். 1916–1918. மகள் பிறக்கும்போது தாத்தாவுக்கு எட்டிலிருந்து பத்து வயது! கல்யாணமே 1941-இல்தான். வயது சொன்னதில் நாலைந்து ஆண்டு பிசகினாலும் இது பொருந்தாது. ஆக, தவறு தேதியில் இல்லை, நான் இணைத்த இடத்தில்தான்.

மறுபடி போன் செய்தேன்.

“அத்தை, பெரிய அக்கான்னு சொன்னீங்களே, அவங்க உங்க கூடப் பிறந்தவங்களா?”

“கூடப் பிறந்தவளா? பெரியப்பா மகடா அவ. எனக்கு அக்காதானே?”

அவர் சொன்னது சரி. கேட்டதுதான் சரியில்லை. அதற்குப் பிறகு ‘அவங்க உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு முறைதான் பதிலாக வரும், வழி வராது. ‘அவங்களோட அப்பா யாரு, அம்மா யாரு?’ என்று கேட்டால் நேராக இணைப்பு கிடைக்கும். அதுவும் இரண்டையும் கேட்க வேண்டும். இரண்டு தாரம் உள்ள இடத்தில் தந்தை பெயர் மட்டும் பாதி விடைதான்.

அக்காவைப் பெரியப்பாவுக்குக் கீழே நகர்த்தியதும் இன்னொரு விஷயம் தானாக விழுந்தது. மகள் சு. 1926 என்றால், தந்தைக்குக் குறைந்தது 18 என்று வைத்தாலும் பெரியப்பா 1908-க்கு முன் பிறந்திருக்க வேண்டும். அவருடைய தந்தைக்கும் அதே கணக்குப் போட்டால் 1890-க்கு முன். ஒரே ஒரு வயதுக் குறிப்பு இரண்டு தலைமுறைக்கு எல்லை போட்டுவிட்டது. 18 என்பது நான் வைத்துக்கொண்ட எல்லை, இயற்கை விதி அல்ல. அதனால் இந்த வரிகளுக்குப் பக்கத்தில் ‘கணக்கு’ என்று குறித்திருக்கிறேன்.

எல்லை போடும்போது எப்போதும் தளர்வான பக்கத்தையே எடுத்தேன். கொள்ளுத்தாத்தாவின் இரண்டாம் கல்யாணம் எப்போது? அதில் முதலில் பிறந்தவர் என் தாத்தா. அவர் பிறந்ததன் கடைசி எல்லை பிப்ரவரி 1918. எனவே கல்யாணம் 1917 நடுவுக்குப் பின் இருக்க முடியாது, முதல் மனைவி இறந்தது அதற்கும் இரண்டு ஆண்டு முன், 1915-க்குள். தாத்தா 1916-இலேயே பிறந்திருந்தால் இவை இன்னும் முன்னால் போகும். ‘-க்குள்’ என்று எழுதியதால் அப்போதும் தவறாகாது.

அடுத்தது மாமா. “மாமா போனப்போ எனக்குப் பதினஞ்சு.” இதற்கு முன் வாக்கியங்களில் அத்தையின் அத்தை வந்திருந்ததால், அவருடைய கணவர்தான் என்று எழுதி, ‘ம. சு. 1959’ என்று போட்டேன். பதினைந்து முடிந்து பதினாறு தொடங்குவது 14-3-1960. அதற்குள் நடந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டுக் கடைசிப் பையனின் பிறப்புச் சான்றிதழ் செப்டம்பர் 1961. தந்தை இறந்து ஒன்பது மாதத்துக்குள் பிள்ளை பிறக்கலாம், பதினெட்டு மாதத்துக்குப் பிறகு முடியாது. மறுபடி போன். அது அத்தையின் தாய்மாமன்.

அவரை என்ன செய்வது? கொள்ளுத்தாத்தாவிடமிருந்து இறங்கும் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. பாட்டியின் தம்பி அவர். பாட்டியே இந்தப் பட்டியலில் துணையாக வந்தவர்தான். கொஞ்சம் வருத்தமாக இருந்தாலும் எடுத்துவிட்டேன். ஒரு வேரிலிருந்து ஒரு பட்டியல்தான் வரும், பாட்டி வழிக்கு வேறு கோப்பு. இரண்டையும் ஒன்றில் திணித்தால் உள்தள்ளலுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

சித்தப்பாவின் வரி வேறு விதமாக உதவியது. 1941-இல் 14 வயது, அதனால் சு. 1927. அவருக்கு மேலே உள்ள அத்தையின் அத்தையோ தாத்தாவுக்கு மூன்று வயது இளையவர், சு. 1920. நடுவில் ஏழு ஆண்டு. தாத்தாவுக்கும் அவருக்கும் மூன்று ஆண்டுதான் இடைவெளி, பிறகு ஏன் ஏழு? தயங்கித்தான் கேட்டேன். “நடுவுல ரெண்டு தக்கலை. பேர் வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு” என்றார். முதல் முறை பேசியபோது மூன்று பேர் என்றுதான் சொன்னார். வளர்ந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்வது இயல்புதானே. பெயர் இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் வரி கொடுத்தேன்.

அப்படிக் கொடுத்ததும் எண்கள் எல்லாம் இடம் மாறின. நான் அவசரப்பட்டு முதல் நாளே எண் போட்டிருந்தேன்: வேருக்கு 1, பிள்ளைகளுக்குப் பிறந்த வரிசையில் 1.1, 1.2, அவர்கள் பிள்ளைகளுக்கு 1.2.1 என்று. சித்தப்பா 1.4 ஆக இருந்தார், இப்போது 1.6. அவருக்குக் கீழே இருந்த பதினோரு பேரின் எண்ணும் மாற வேண்டியதாயிற்று. எண்ணைக் கடைசியில் போட்டிருக்க வேண்டும். ஆவணம் எழுதும் மென்பொருளின் தானியங்கி எண்ணை நம்பினால் இன்னொரு தொல்லை: அது வரி எண்ணை மாற்றும், ஆனால் வேறு இடத்தில் ‘காண்க 1.4’ என்று நாம் கையால் எழுதியதை மாற்றாது.

இப்படி ‘காண்க’ எழுத வேண்டிய இடம் எங்கள் பட்டியலில் ஒன்று வந்தது. அத்தை கட்டிக்கொண்டது அவருடைய அத்தை மகனை. ஆக, கணவன், மனைவி இருவருமே கொள்ளுத்தாத்தாவின் பேரப்பிள்ளைகள், இருவருக்கும் தனித்தனி வரி உண்டு. பிள்ளைகளை இரண்டு இடத்திலும் எழுதினால் ஆள் எண்ணிக்கை இரட்டிக்கும். ஓர் இடத்தில் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவோம். அதனால் பிள்ளைகளை அத்தையின் வரிக்குக் கீழே எழுதி, கணவர் வரியில் அம்புக்குறி மட்டும் போட்டேன். இருவரும் ஒரே படியில் இருந்ததால் தப்பித்தேன். மாமனும் அக்கா மகளும் கல்யாணம் செய்துகொண்ட வீட்டில் பிள்ளைகளுக்கு இரண்டு வெவ்வேறு படி வரும். அங்கே எந்தப் பெற்றோர் வழியாக எண் கொடுத்தோம் என்று எழுதியே ஆக வேண்டும்.

துணைவரின் வரியிலும் ஒரு தவறு செய்தேன். முதலில் மனைவியை ஒரு படி உள்ளே தள்ளி எழுதினேன். பார்வைக்கு அழகாக இருந்தது. ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது பாட்டி தாத்தாவின் மகளாகத் தெரிந்தார். இப்போது துணைவர் அதே படியில், முன்னால் கூட்டல் குறியோடு, எண் இல்லாமல். இரண்டு தாரம் என்பதால் பிள்ளைகளின் வரியில் தாயின் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டேன்.

மேல் பகுதி இப்போது இப்படி இருக்கிறது. பி. பிறப்பு, ம. மறைவு, தி. திருமணம்.

```
1. அ  பி. 1890-க்கு முன் (கணக்கு)
+ ஆ  ம. 1915-க்குள் (கணக்கு)
+ இ  தி. 1917-க்குள் (கணக்கு)
    1.1. ஈ [ஆ]  பி. 1908-க்கு முன் (கணக்கு)
        1.1.1. ஏ  பி. சு. 1926
            1.1.1.1. ஐ  பி. 1944
    1.2. உ [இ]  பி. 1916–1918  ம. 11-2-1989
    + ஒ  தி. 1941
        1.2.1. அத்தை  பி. 14-3-1944
        + ஓ (1.3.1)  தி. 1963
        1.2.2. அப்பா  பி. 1950
    1.3. ஊ [இ]  பி. சு. 1920
        1.3.1. ஓ  பி. 1938  → காண்க 1.2.1
    1.4. பெண் [இ]  1920–1927, குழந்தையில் ம.
    1.5. ஆண் [இ]  1920–1927, குழந்தையில் ம.
    1.6. எ [இ]  பி. சு. 1927
```

1944 என்ற ஆண்டு இரண்டு வெவ்வேறு படிகளில் வருவதைப் பாருங்கள். அத்தை மூன்றாம் தலைமுறை, அவருக்கு மகன் முறையாகும் ஐ நான்காம் தலைமுறை, இருவரும் ஒரே வயது. முதலில் வயதை வைத்துப் படி போட்டிருந்தால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பேன். படியை உறவுச் சொல் சொல்லட்டும், வரிசையைத் தேதி சொல்லட்டும் என்று பிரித்துக்கொண்டது இங்கேதான் பலித்தது.

பட்டியலைத் தம்பிக்கு அரட்டைச் செயலியில் ஒட்டி அனுப்பினேன். அவனுடைய திரையில் எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. முன்னால் இருந்த வெற்றிடங்கள் காணோம். எண்கள் இருந்ததால் அவனுக்குப் புரிந்தது. உள்தள்ளல் கண்ணுக்கு, எண் காப்புக்கு என்று இரண்டையும் வைத்திருப்பது வீண் வேலை இல்லை. இப்போது கோப்பாகவே அனுப்புகிறேன், தாவல் விசையைத் தொடாமல் படிக்கு நான்கு வெற்றிடம் என்று. தாவலும் வெற்றிடமும் கலந்தால் என் கணினியில் நேராகத் தெரிவது இன்னொருவர் கணினியில் கோணலாகிவிடுகிறது.

கடைசியாக அத்தைக்குப் போனில் வரி வரியாக வாசித்துக் காட்டினேன். எண்களைச் சொல்லவில்லை, ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்தவர் இவர், இந்த வருஷம்’ என்று மட்டும். பொறுமையாக ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தார். பெயரில்லாத இரண்டு வரிக்கு வந்ததும் நிறுத்தினார். “மூத்தது பையன்டா, ரெண்டாவதுதான் பொண்ணு. பாட்டி அப்படித்தான் சொல்லும்.” 1.4-ஐயும் 1.5-ஐயும் மாற்றி எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டேன். மேலே உள்ளது அதற்கு முந்தின பிரதி.